“பேரு தெரியாது”னு சொன்ன சர்வேயில மூணு பேரு மாட்டுன கதை: கப்பலூர் கம்பெனி ஒண்ணோட நிகழ்வு ஆய்வு

மொதல்ல அந்த அழைப்பு மெசேஜ அப்படியே போட்டுர்றேன், ஏன்னா மொத்த வில்லங்கமும் அதுக்குள்ளயேதான் இருக்கு.

“அன்புள்ள பணியாளர்களே, நமது நிறுவனத்தின் வளர்ச்சியில் உங்கள் மேலான கருத்துகள் மிகவும் முக்கியம். கீழே உள்ள லிங்கில் 12 கேள்விகளுக்குப் பதில் அளிக்கவும். இது 100% ரகசியமானது. அனைவரும் தவறாமல் இந்த வார இறுதிக்குள் நிரப்பவும். இப்படிக்கு, மனிதவளத் துறை.”

கப்பலூர் இண்டஸ்ட்ரியல் எஸ்டேட்ல ரப்பர் பார்ட்ஸ் பண்ற ஒரு கம்பெனி, பேரு வேணாம், மொத்தம் 180 பேரு. மோல்டிங்ல 90, ட்ரிம்மிங்ல 50, மிக்ஸிங்ல 16, குவாலிட்டில 12, ஆபீஸ்ல 7, ஸ்டோர்ஸ்ல 5. (ஆள யாரும் அடையாளம் கண்டுறக் கூடாதுன்னு சில விவரத்த மாத்தியிருக்கேன், எண்ணிக்கையெல்லாம் கணக்கு புரியற மாதிரி வச்சது.) வாரத்துக்கு ஒருக்க மாறுன ஷிப்ட ரெண்டு வாரத்துக்கு ஒருக்கன்னு ஆக்கியிருந்தாங்க, அது ஆளுங்களுக்கு ஒத்துவருதான்னு மொதலாளிக்குத் தெரியணும். அதுக்கு பல்ஸ் சர்வே எடுக்கலாம்னு யாரோ சொல்லியிருக்காங்க. பல்ஸ் சர்வேன்னா வருஷத்துக்கு ஒருக்க அம்பது அறுபது கேள்வியோட வர்ற பெரிய சர்வே இல்ல, அஞ்சாறு கேள்வி, ஒரே விஷயம், ரெண்டு மூணு நிமிஷத்துல முடிஞ்சிரணும், கொஞ்ச நாள் கழிச்சு அதே கேள்விய திரும்பக் கேட்டு ஏறுதா எறங்குதான்னு பாக்கணும். நாடி பிடிச்சுப் பாக்குறதுதான். யோசனை நல்ல யோசனை, அழைப்புலதான் கெட்டுப்போச்சு.

180 பேருல 41 பேருதான் நெரப்புனாங்க. அதுவும் பெரும்பாலும் எல்லாத்துக்கும் அஞ்சுக்கு அஞ்சு, கருத்து எழுதுற கட்டம் சுத்தமா காலி. எத்தன பேரு நெரப்புனாங்கங்குறத விட இதத்தான் மொதல்ல பாக்கணும்னு நான் சொல்லுவேன், பதிலெல்லாம் ஒரே பக்கமா சாஞ்சு கெடந்தா ஆளுங்க சந்தோஷமா இருக்காங்கன்னு அர்த்தமில்ல, யாரோ பாக்குறாங்கன்னு நெனச்சு நெரப்பியிருக்காங்கன்னு அர்த்தம்.

அந்த மெசேஜ் போன வாரம் எதுன்னு பாத்தா, அழகர் ஆத்துல எறங்குற வாரம். திருமங்கலம், உசிலம்பட்டி, பேரையூர்ப் பக்கம் இருந்து வர்ற ஆளுங்கள்ல பாதிப் பேரு லீவு, மீதிப் பேரு லீவு கெடைக்கலன்னு கடுப்புல இருக்காங்க. அந்த வாரத்துல “வார இறுதிக்குள் நிரப்பவும்”னா எவன் பாப்பான்? ஆனா கெடு கோளாறு சின்னக் கோளாறுதான், அதுக்குப் பின்னாடி வரேன். பெரிய கோளாறு அந்த “100% ரகசியமானது”.

அது கூகுள் ஃபார்ம். ஒரே ஆளு ரெண்டு தடவ நெரப்பிரக் கூடாதுன்னு ஹெச்ஆர் பொண்ணு `Limit to 1 response` அப்படிங்குறத ஆன் பண்ணி வச்சிருந்துச்சு. அத ஆன் பண்ணா கூகுள் அக்கவுண்ட்ல உள்ள போயித்தான் நெரப்ப முடியும். `Collect email addresses` ங்குற எடத்துல `Do not collect` னு இருந்தா மெயில் ஐடி நம்ம ஷீட்டுக்கு வராது, அது உண்மைதான். ஆனா ஃபார்மத் தொறக்குற ஆளுக்கு என்ன தெரியுது? மேலயே அவரோட மெயில் ஐடி தெரியுது. பக்கத்துலயே `Not shared` னு சின்னதா இருக்கும், அத யாரு படிக்கிறா, படிச்சாலும் யாரு நம்புறா. ட்ரிம்மிங்ல ஒரு அக்கா எங்கிட்ட சொன்னது: “ரகசியம்ங்குறாங்க சார், தொறந்தா எம்மவன் பேருல்ல மேல நிக்கிது, போன் அவன் போனு, நான் அப்படியே மூடிட்டேன்.” ஆக டெக்னிக்கலா வாக்கு காப்பாத்தப்பட்டிருக்கு, பாக்குற கண்ணுக்கு வாக்கு உடஞ்சுபோச்சு. பேர் போடாத சர்வேல பாக்குற கண்ணுதான் கணக்கு.

அடுத்தது, 12 கேள்வில மொத மூணு கேள்வி என்ன தெரியுமா? எந்த செக்‌ஷன், ஆணா பெண்ணா, எத்தன வருஷ சர்வீஸ். பேரக் கேக்கலதான். ஆனா ஸ்டோர்ஸ்ல இருக்குறது 5 பேரு, அதுல ஒரே ஒருத்தங்கதான் பொம்பள ஆளு. அவங்க செக்‌ஷனையும் ‘பெண்’ணையும் டிக் பண்ண அடுத்த நொடி பேரு எழுதிக் குடுத்த மாதிரிதான். அவங்க நெரப்புனாங்களா இல்லயான்னு எனக்குத் தெரியாது, தெரிஞ்சுக்கவும் கூடாது.

இனிமேதான் விஷயமே. ரிசல்ட்டு போடும்போது ஹெச்ஆர் கொஞ்சம் ஜாக்கிரதையாத்தான் இருந்துச்சு. அஞ்சு பேருக்குக் கீழ பதில் வந்த செக்‌ஷனோட ரிசல்ட்ட தனியா காட்டக் கூடாதுன்னு ஒரு வழக்கம் இருக்கு, சில எடத்துல பத்துன்னு கூட வச்சிருப்பாங்க. அந்தப் பொண்ணுக்கு அது தெரியும். ஸ்டோர்ஸ்ல மூணே பேரு நெரப்பியிருந்ததால அந்த வரிய மட்டும் எடுத்துட்டு மத்ததப் போட்டுருச்சு. “புது ஷிப்ட் ஒத்துவருதா?”ங்குற கேள்விக்கு ரிப்போர்ட் இப்படி வந்துச்சு. மொத்தம் 41 பேரு, ஆமான்னது 34. மோல்டிங்கும் மிக்ஸிங்கும் சேத்து 22 பேரு, ஆமா 20. ட்ரிம்மிங் 10 பேரு, ஆமா 9. குவாலிட்டி 6 பேரு, ஆமா 5. ஸ்டோர்ஸ்: “பதில் குறைவு, காட்டப்படவில்லை”. ஆபீஸ்ல ஒருத்தரும் நெரப்பல.

கழிச்சுப் பாருங்க. 22, 10, 6 கூட்டுனா 38. 41ல 38 போனா 3, அது ஸ்டோர்ஸ். ஆமாங்குறதுல 20, 9, 5 கூட்டுனா 34. மொத்தமே 34தான். அப்ப ஸ்டோர்ஸ்ல ஆமா எத்தன? சைபர். நெரப்புன மூணு பேருமே ஒத்துவரலன்னு சொல்லியிருக்காங்க. அந்த வரிய மறச்சதால ஒண்ணும் மறையல, மொத்தத்தையும் மத்த செக்‌ஷனையும் காட்டுனா மீதி தானா வெளிய வந்துரும். ப்ளாண்ட் மேனேஜர் இதக் கால்குலேட்டர் கூட இல்லாம போட்டுட்டாரு. மறுநாள் ஸ்டோர்ஸ் ஜன்னல்ல போயி நின்னு சிரிச்சுக்கிட்டேதான் கேட்டாராம், “என்னப்பா, ஊருக்கே ஒத்துவருது, ஒங்களுக்கு மட்டும் ஒத்துவரலயாமே?” அவரு மெரட்டணும்னு கேக்கல, அவரு சுபாவம் அப்படி. ஆனா மத்தியானச் சாப்பாட்டுக்குள்ள அந்தப் பேச்சு மூணு ஷிப்டுக்கும் போயிருச்சு.

இதுல இன்னொரு நுணுக்கம் இருக்கு, அத நெறையப் பேரு விட்டுர்றாங்க. அஞ்சுக்கு மேல ஆளு இருந்தா போதும்னு நெனைக்கிறாங்கள்ல, அதுவும் எப்பவும் போதாது. ஒரு செக்‌ஷன்ல 12 பேரு நெரப்பி 12 பேருமே “சூப்பர்வைசர் பேச்சு சரியில்ல”ன்னு போட்டிருந்தா அங்க ஆளு எண்ணிக்கை எதையும் காப்பாத்தாது, ஒவ்வொருத்தரு என்ன சொன்னாங்கன்னும் தெரிஞ்சுபோச்சு. அதனால ஒரு குரூப்ல கிட்டத்தட்ட எல்லாரும் ஒரே பதில் சொல்லியிருந்தா நம்பரப் போடாம “பெரும்பாலானவங்க”ன்னு வார்த்தையா சொல்லிட்டுப் போயிரணும்.

ரெண்டாவது ரவுண்டுக்குத்தான் என்னக் கூப்புட்டாங்க. ஹெச்ஆர் பொண்ணு கேட்டது ஒரே ஒரு கேள்வி: “சார், மெசேஜ இன்னும் நல்லா எழுதிக் குடுக்க முடியுமா?” எழுதலாம்மா, ஆனா மெசேஜத்தான் கடைசியா எழுதணும். ஃபார்ம எப்படி செட் பண்றோம், யாரு கையில டேட்டா இருக்கும், ரிப்போர்ட்ட எப்படிப் பிரிச்சுக் காட்டப்போறோம், இதெல்லாம் முடிவானாத்தான் அழைப்புல என்ன வாக்கு குடுக்கலாம்னே தெரியும்னு சொன்னேன். மொத ரவுண்டுல அது தலகீழா நடந்துருக்கு, வாக்க மொதல்ல குடுத்துட்டாங்க, ஃபார்ம அது பாட்டுக்குப் பண்ணிட்டாங்க.

அதனால மொதலாளியோட உக்காந்து பேசுனதுல பாதி நேரம் மெசேஜ் பத்தியே இல்ல. எல்லாருக்கும் ஒரே லிங்க், ஆளுக்கு ஒரு லிங்க் கெடையாது. ஆளுக்கு ஒரு லிங்க் அனுப்புனா யாரு நெரப்புனா, யாரு நெரப்பலன்னு சிஸ்டத்துக்குத் தெரியும், அது தப்பில்ல, பெரிய கம்பெனிகள்ல அப்படித்தான் பண்றாங்க, ஆனா அப்பப் “பேரு எங்களுக்குத் தெரியும், வெளிய விட மாட்டோம்”னுதான் சொல்லணும், “பேரே தெரியாது”ன்னு சொல்லக் கூடாது. நாம பேரே தெரியாதுன்னு சொல்லப்போறோம், அதனால ஒரே லிங்க், `Limit to 1 response` ஆஃப், மெயில் ஐடி வாங்குறதில்ல. “அப்ப ஒருத்தனே பத்து தடவ போட்டான்னா?”ன்னு மொதலாளி கேட்டாரு, நியாயமான கேள்விதான். போடலாம். போட்டா கொஞ்ச நிமிஷத்துக்குள்ள ஒரே மாதிரி பதில் வரிசையா வந்து விழும், பாத்தா ஓரளவுக்குத் தெரிஞ்சிரும், தெரியாமப் போனாலும் 180 பேரு இருக்குற எடத்துல ரெண்டு மூணு கள்ள ஓட்டால முடிவு மாறிறாது. ஆளுங்க பயந்து நெரப்பாமப் போறதுலதான் முடிவு மாறும்.

ஷீட்டுல ஒவ்வொரு பதிலுக்கும் `Timestamp` னு ஒரு நெட்டு வரிசை தானா வரும், நாள், மணி, நிமிஷம், நொடியோட. இங்க போன கேட்டுல குடுத்துட்டுத்தான் உள்ள போகணும், அதனால ஷிப்ட் முடிஞ்சு கேட்டுகிட்ட நின்னு நெரப்புற ஆளுங்கதான் ஜாஸ்தி, 2.07க்கு ஒரு பதில் வந்துச்சுன்னா 2.07க்கு கேட்டுல யாரு போனத் தட்டிக்கிட்டு நின்னான்னு செக்யூரிட்டி அண்ணனுக்குத் தெரியும். அதனால ஃபார்ம் எங்கிட்ட இருக்கும், கம்பெனிக்குப் போற தொகுப்புல அந்த நெட்டு வரிசை இருக்காது, தனித்தனி வரியும் இருக்காது. மொதலாளி முகம் கொஞ்சம் மாறுச்சு. “காசு நான் குடுக்குறேன், டேட்டாவ நான் பாக்கக் கூடாதா?” கூட்டிக் கழிச்சதப் பாருங்க சார், தனி வரி வேணாம்னேன். ஒத்துக்கிட்டாரு, ஆனா முழு மனசோட ஒத்துக்கிட்டாருன்னு சொல்ல மாட்டேன்.

ஸ்மார்ட்போன் இல்லாத ஆளுங்களுக்கும், புள்ள போன வாங்கித்தான் பாக்கணும்ங்குற ஆளுங்களுக்கும் பேப்பர். டிக் மட்டும்தான், கையெழுத்து விழுற மாதிரி ஒரு கட்டம் கூட வேணாம், சூப்பர்வைசருக்கு நம்ம கையெழுத்து ஜாப் கார்டுலயே பழக்கம். பெட்டிய கேண்டீன் வாசல்ல வச்சிருந்தாங்க, நான் போயி அண்ணாந்து பாத்தா நேரா தலைக்கு மேல சிசிடிவி. அதக் கழட்டச் சொல்றதுக்குப் பதிலா பெட்டியத் தண்ணி டேங்க் பக்கம் மாத்துனோம், அங்க கேமரா இல்ல, எல்லாரும் போற வழி, போனாலும் எதுக்குப் போறாங்கன்னு யாரும் கேக்க மாட்டாங்க.

கேள்வி 12 ஆறாச்சு. ஆணா பெண்ணா, எத்தன வருஷம், ரெண்டும் போச்சு. செக்‌ஷன் மட்டும் இருந்துச்சு, அதுவும் மூணே பிரிவு: மோல்டிங்–மிக்ஸிங், ட்ரிம்மிங், மத்தவங்க. குவாலிட்டி, ஸ்டோர்ஸ், ஆபீஸ் சேந்தா 24 பேரு, இப்பக் கழிச்சுப் பாத்தாலும் ஸ்டோர்ஸ் தனியா வராது. அந்தக் கேள்வியும் கட்டாயமில்ல, விருப்பமிருந்தா டிக் பண்ணலாம். அப்படி விட்டதுல ரெண்டு லாபம். காலியா விட்ட பதிலெல்லாம் ஒரு கும்பலா நிக்கிறதால கழித்தல் கணக்கு போட நெனைக்கிறவனுக்கு மிச்சம் யாருன்னு பிடிபடாது. அது போக, எத்தன பேரு அதக் காலியா விட்டாங்கங்குறதே நம்பிக்கை எம்புட்டு இருக்குன்னு காட்டிரும்.

இதெல்லாம் முடிஞ்ச பெறகுதான் மெசேஜுக்கு வந்தோம். எதுக்கு எடுக்குறோம்ங்குற வரிக்குத்தான் ரொம்ப இழுபறி. மொத மெசேஜ்ல “வளர்ச்சி, மேலான கருத்து”ன்னு இருந்துச்சுல்ல, அது ஒண்ணும் சொல்லாத வரி. எதுக்குன்னு நீங்க சொல்லலன்னா ஆளுங்க தானா ஒரு காரணத்த வச்சுக்குவாங்க. இங்க ஓடுன பேச்சு, ஆள் கொறைக்கப் போறாங்க, ஷிப்ட யாரெல்லாம் எதுக்குறாங்கன்னு லிஸ்ட் எடுக்குறாங்கன்னு. அதனால எந்த முடிவுக்காகக் கேக்குறோம், அந்த முடிவ யாரு எடுப்பா, எப்ப எடுப்பா, இந்த மூணும் ரெண்டு வரிக்குள்ள வரணும்னேன். மொதலாளிக்கு பயம், “ஷிப்ட மாத்துறதப் பத்தின்னு எழுதுனா மாத்தித்தான் ஆகணும்னு நிப்பாங்களே.” மாத்துறோம்னு எழுத வேணாம் சார், ஆகஸ்ட் ஷிப்ட் சார்ட் போடுறதுக்கு முன்னாடி இதப் பாப்போம்னு எழுதுங்க, அதச் செஞ்சா போதும். அப்புறம் “சம்பளம் பத்திக் கேப்பாங்களே?”ன்னாரு. அதையும் எழுதிருங்க, இந்தத் தடவ சம்பளம், போனஸ் பத்திக் கேக்கலன்னு. எதப் பத்தி இல்லங்குறதையும் சொல்லிட்டா எதிர்பார்த்து ஏமாறவும் மாட்டாங்க, வதந்தியும் கெளம்பாது.

கெடுவப் பத்தி சொல்றேன்னேன்ல. “வார இறுதி”ன்னா ஆபீஸ்ல இருக்குறவனுக்கு சனிக்கிழமை, மாறி மாறி லீவு வர்ற மோல்டிங் ஆளுக்கு அப்படி ஒண்ணே கெடையாது. “ராத்திரி 12 மணி”ன்னு போட்டாலும் கொழப்பம், 12ம் தேதி ராத்திரி 12ன்னா 12 பொறக்குற நேரமா, முடியிற நேரமா? அதனால தேதி, கெழமை, மணி மூணும் போடணும், அந்த மணி ஆளுங்க வேல நேரத்தோட ஒட்டி இருக்கணும். இங்க ரெண்டாம் ஷிப்ட் ராத்திரி 10க்கு விடும், 10.30க்கு கம்பெனி பஸ் கெளம்பும். அதனால கெடு, ஜூலை 12 சனிக்கிழமை ராத்திரி 10.30. பஸ் கெளம்புற நேரம்னா எவனுக்கும் தனியா ஞாபகம் வச்சுக்க வேண்டியதில்ல. தொறந்தது திங்கக்கிழமை, ஆக மூணு ஷிப்டுக்கும் குறஞ்சது நாலஞ்சு வேல நாள் கெடைக்கும். அதுக்கு மேல நீட்டுனா பல்ஸ் சர்வேல பிரயோஜனம் இல்ல, அப்புறம் நெரப்பலாம்னு தள்ளிவச்சவன் மறந்துதான் போவான்.

கடைசில போன மெசேஜ் இதுதான், மொதலாளி பேருல போச்சு:

“எல்லாருக்கும் வணக்கம். ரெண்டு வார ஷிப்ட் முறை, கம்பெனி பஸ் இந்த ரெண்டைப் பத்தி 6 கேள்வி, 3 நிமிஷம். ஆகஸ்ட் ஷிப்ட் சார்ட் போடுறதுக்கு முன்னாடி உங்க பதில நானும் ப்ளாண்ட் மேனேஜரும் பாத்துட்டுத்தான் முடிவு பண்ணுவோம். சம்பளம், போனஸ் பத்தி இதுல கேக்கல.

பேரு, போன் நம்பர், மெயில் எதுவும் கேக்கல, பதிவும் ஆகாது. தனித்தனி பதில் கம்பெனில யாருக்கும் வராது, வெளி ஆளு ஒருத்தர் கூட்டிக் குடுப்பாரு. 10 பேருக்குக் கீழ உள்ள குரூப்போட பதில் தனியா வராது. செக்‌ஷன் கேள்விய விட்டுட்டும் நெரப்பலாம். கருத்து எழுதுனா மெஷின் நம்பர், ஆள் பேரு எழுதாதீங்க, எழுதுனது அப்படியே வராது, சுருக்கித்தான் வரும். உடனே நடவடிக்கை வேண்டிய புகார்னா இதுல எழுதாதீங்க, உள் புகார் குழுவுக்குப் போங்க, நம்பர் நோட்டீஸ் போர்டுல இருக்கு.

கடைசி நேரம்: ஜூலை 12, சனிக்கிழமை, ராத்திரி 10.30. அதுக்கு முன்னாடி யாரும் தொறந்து பாக்க மாட்டாங்க, அதுக்கப்புறம் நீட்டிக்க மாட்டோம். ரிசல்ட்டு ஜூலை 21 திங்கக்கிழமை நோட்டீஸ் போர்டுல. பேப்பர்ல நெரப்ப: தண்ணி டேங்க் பக்கத்துப் பெட்டி.”

அந்தப் புகார் வரி எதுக்குன்னா, பேரு தெரியாத சர்வேல ஒரு பொண்ணு தனக்கு நடக்குற தொந்தரவ எழுதிட்டா யாரு எழுதுனதுன்னு தெரியாம நம்மளால ஒண்ணும் செய்ய முடியாது, செஞ்சாகணும்னு யாருன்னு தேடுனா குடுத்த வாக்கு போச்சு. 2013ல வந்த சட்டப்படி 10 பேரும் அதுக்கு மேலயும் வேல பாக்குற எடத்துல பாலியல் தொந்தரவுப் புகாருக்கு உள் புகார் குழு இருக்கணும். இந்தக் கம்பெனில குழு இருந்துச்சு, நம்பர்தான் போர்டுல இல்ல, இந்தச் சாக்குல ஒட்டுனாங்க.

மெசேஜ் போன நேரம் திங்கக்கிழமை மத்தியானம் 1.45. மொத ஷிப்ட் ஆளு 2 மணிக்கு வெளிய வந்து போன வாங்குறப்ப மேல நிக்கும், ரெண்டாம் ஷிப்ட் ஆளு போனக் குடுக்குறதுக்கு முன்னாடி பாத்துருவான், நைட் பாத்துட்டுத் தூங்குறவன் எந்திரிச்சதும் பாப்பான். எழுத்துக் கூட்டிப் படிக்கிற ஆளுங்களுக்காக மொதலாளியே அதே மெசேஜ வாய்ஸ்ல போட்டாரு. நெறையப் பேரு அதத்தான் கேட்டாங்க, எழுத்த விட அதுக்குத்தான் மதிப்புன்னு எனக்குத் தோணுது.

ரிமைண்டர்ல ஒரு வில்லங்கம் இருக்கு. மொத ரவுண்டுல ஒரு சூப்பர்வைசர் ஆளாளுக்குப் போயி “நீ நெரப்பலயாமே, போனக் காட்டு”ன்னு கேட்டிருக்காரு. அவருக்கு யாரு நெரப்பலன்னு உண்மையிலேயே தெரியாது, குத்துமதிப்பாக் கேட்டது. ஆனா கேட்கப்பட்டவனுக்கு அது எப்படித் தெரியும்? “பேரே தெரியாதுன்னா, நான் நெரப்பலன்னு மட்டும் எப்படிண்ணே தெரியுது?”ன்னு ஒருத்தன் திருப்பிக் கேட்டானாம், பதில் இல்ல. அதனால இந்தத் தடவ ரிமைண்டர் ரெண்டே ரெண்டு, வியாழக்கிழமை 1.45க்கு ஒண்ணு, சனிக்கிழமை காலையில ஒண்ணு, ரெண்டும் எல்லாருக்கும் ஒரே மாதிரி, “நெரப்பிட்டவங்களுக்கு நன்றி, நெரப்பாதவங்களுக்கு சனி ராத்திரி 10.30 வரைக்கும் நேரமிருக்கு”ன்னு. சூப்பர்வைசருங்க இதப் பத்தி யாருகிட்டயும் தனியாப் பேசக் கூடாதுன்னு மொதலாளியே கூப்புட்டுச் சொன்னாரு.

புதன்கிழமை மொதலாளி போன் பண்ணாரு, “இதுவரைக்கும் எப்படி இருக்கு, சும்மா தெரிஞ்சுக்கத்தான்.” எத்தன வந்துருக்குன்னு மட்டும் சொல்றேன் சார்னேன். ஆரம்பத்துல வர்றது பத்து பதினஞ்சு பதிலுதான், அத அப்பவே தொறந்து காட்டுனா அது யாருன்னு ஊகிக்கிறது ரொம்ப லேசு. சனிக்கிழமை ராத்திரியும் ஒரு போன், ட்ரிம்மிங்ல கம்மியாத்தான் நெரப்பியிருப்பாங்க போல, ரெண்டு நாள் நீட்டுவோமான்னு. நீட்டல. நீட்டிக்க மாட்டோம்னு எழுதியிருக்கு, அது போக ஒரு செக்‌ஷனுக்காக நீட்டுனா அந்த செக்‌ஷன்ல யாரு நெரப்பலன்னு எண்ணிக்கிட்டு இருக்காங்கன்னு ஆகிப்போகும்.

வந்தது 128. பேப்பர்ல 47, ஃபார்ம்ல 81. பெட்டிய ரெண்டு தொழிலாளிகள வச்சுத் தொறந்து, பேப்பரக் கலச்சுவிட்டு எண்ணுனோம். செக்‌ஷன் கேள்விய 31 பேரு காலியா விட்டிருந்தாங்க, நாலுல ஒருத்தருக்குக் கிட்ட. ஸ்டோர்ஸ் ஜன்னல் விஷயம் இன்னும் மறக்கலன்னு அதுலயே தெரிஞ்சுச்சு. ஆனா அஞ்சுக்கு அஞ்சுங்குறது போயிருந்துச்சு, பதிலுங்க ஒண்ணுல இருந்து அஞ்சு வரைக்கும் பரவிக் கெடந்துச்சு, கருத்தும் வந்துச்சு. ரெண்டு வார ஷிப்ட் பெரும்பாலானவங்களுக்குப் பரவாயில்லதான், தூக்கம் சீராகுதுன்னே நெறையப் பேரு சொல்லியிருந்தாங்க. சிக்கல் வேற எடத்துல. 10.30 பஸ் திருமங்கலத்தோட நின்னுருது, அங்கிட்டு டி.கல்லுப்பட்டி, பேரையூர்ப் பக்கம் போறவங்களுக்கு அந்நேரத்துக்கு வண்டி கெடைக்கல, முன்னாடி ஒரு வாரம்தான் அந்தக் கஷ்டம், இப்ப தொடர்ந்து ரெண்டு வாரம். ஷிப்ட் ஒத்துவரலன்னு மொத ரவுண்டுல சொன்னவங்க எதச் சொன்னாங்கன்னு இப்பத்தான் மொதலாளிக்குப் புரிஞ்சுச்சு.

ஜூலை 21 காலையில போர்டுல ஒரு பக்கம் ஒட்டுனாங்க. என்ன சொன்னீங்க, என்ன செய்யப்போறோம், எது இப்ப முடியாது, அவ்வளவுதான். ரெண்டாம் ஷிப்ட் பஸ் ஆகஸ்ட்ல இருந்து டி.கல்லுப்பட்டி வரைக்கும் போகும். ஷிப்ட் ரெண்டு வாரமாவே தொடரும். பேரையூர் வரைக்கும் கேட்டிருந்தாங்க, அது இப்ப முடியாதுன்னு காரணத்தோட எழுதியிருந்துச்சு.

ஆனா இதுலயும் ஒரு குறை மிஞ்சுச்சு. குவாலிட்டி ஆளு ஒருத்தர் வந்து, “எங்கள ஸ்டோர்ஸ், ஆபீஸோட சேத்ததால எங்க பிரச்சன காணாமப் போச்சே சார், நாங்க நின்னுக்கிட்டே செக் பண்றோம், ஆபீஸ்காரங்க உக்காந்து வேல பாக்குறாங்க, ரெண்டையும் கூட்டி சராசரி போட்டா என்ன தெரியும்?”னாரு. சரிதான். சின்ன செக்‌ஷனக் காப்பாத்துறதுக்காகச் சேத்தா சின்ன செக்‌ஷனோட கொரலும் சேந்தே அமுங்குது, அதுக்கு சர்வேல வழியில்ல. அவங்க 12 பேரும் சூப்பர்வைசர் இல்லாம மொதலாளியோட அரை மணி நேரம் உக்காந்து பேசுறதுக்கு ஏற்பாடு பண்ணுனோம், அது பேரு தெரிஞ்ச கூட்டம்தான், தெரிஞ்சேதான் வந்தாங்க. அக்டோபர்ல எடுக்குற அடுத்த சர்வேக்கு செக்‌ஷன் கேள்வியவே தூக்கிட்டு எந்த பஸ் ரூட்டுன்னு கேக்கலாம்னு ஹெச்ஆர் பொண்ணு சொல்லியிருக்கு, முடிவு பஸ்ஸப் பத்தித்தான்னா அதுதான் வேணும். ரூட்டுக்கு எத்தன பேருன்னு லிஸ்ட் கேட்டிருக்கேன், உசிலம்பட்டி ரூட்டுல 9 பேருதான்னா அத இன்னொன்னோட சேக்கணும்.